மெயிலில் இருப்பது எந்தச் சதுர அடி?

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஒரு சனிக்கிழமை இரவு எனக்கு ஒரு மெயிலை அனுப்பிவிட்டு, பின்னாலேயே போன் செய்தான். "அக்கா, மேடவாக்கத்துல ஒரு வீடு வந்திருக்கு. பிளான் நல்லா இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள ஒரு லட்சம் போட்டா இதே ரேட்டுக்குப் பிடிச்சு வைப்பாங்களாம். போட்டுடவா?"

வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்குச் சென்னையில் வீடு பார்த்துக் கொடுக்கும் ஆலோசகர் ஒருவர் எழுதிய மெயில் அது. மரியாதையாக, தெளிவாக எழுதியிருந்தார். இரண்டு படுக்கையறை, 1,250 சதுர அடி, சதுர அடிக்கு 7,200 ரூபாய், விலை 90 லட்சம். அப்பா அம்மா ஏறி இறங்க லிஃப்ட் உண்டு, மெட்ரோ வரப்போகிறது, சுற்றிலும் பள்ளிகள், மருத்துவமனைகள். கீழே இன்னொரு கட்டடத்தில் 1,180 சதுர அடி வீடு ஒன்றும் இருந்தது. அதன் ரேட் 7,500 என்பதால் தம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வங்கி வீட்டுக்கடன் கொடுக்கும் முன் பத்திரங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதுவது என் தொழில். இப்படிப்பட்ட மெயில்களோடு மாதத்துக்கு நாலைந்து குடும்பங்களாவது வருகின்றன. பெரும்பாலான மெயில்களில் பொய் இருப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு எண்ணைப் பலரும் தவறாகப் படித்துவிடுகிறார்கள்: அந்த 1,250. சென்னையில் ஒரு ஃப்ளாட்டுக்கு மூன்று சதுர அடிகள் உண்டு. விலை சொல்வது ஒன்றை வைத்து, குடியிருப்பது இன்னொன்றில், சொந்தமாகும் மண் மூன்றாவது. மெயிலில் முதலாவது மட்டுமே இருந்தது. "ஒரு லட்சம் இருக்கட்டும், முதல்ல மத்த ரெண்டையும் கேளு" என்றேன்.

குடியிருக்கும் சதுர அடி

மெயிலில் இருந்த 1,250 என்பது சேலபிள் ஏரியா. சூப்பர் பில்ட்-அப் என்றும் சொல்வார்கள். வீட்டின் உள்பரப்பு, வெளிச்சுவர்களின் கனம், பால்கனி, அதற்கு மேல் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி, காவலர் அறை போன்ற பொது இடங்களில் உங்கள் தலைக்கு வரும் பங்கு எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. எதை எவ்வளவு சேர்ப்பது என்பது பில்டருக்குப் பில்டர் மாறும்.

கார்ப்பெட் ஏரியா அப்படி மாறாது. 2016-இல் வந்த ரெரா சட்டம் அதற்கு ஒரே வரையறை கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் தரைப்பரப்பு, அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் இரண்டும் கணக்கில் வரும். வெளிச்சுவர், குழாய்கள் போகும் டக்ட், பால்கனி, திறந்த மாடி ஆகியவை வராது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டிய எண் இது.

தம்பி கேட்டான், மறுநாளே பதில் வந்தது. கார்ப்பெட் 860, பால்கனி 55, வெளிச்சுவர் 85, ஆக மொத்தம் 1,000. மிச்சம் 250 பொது இடத்தின் பங்கு. அதாவது அவன் 90 லட்சம் கொடுத்துக் குடியேறப்போவது 860 சதுர அடியில். வகுத்துப் பார்த்தால் கார்ப்பெட் சதுர அடிக்கு 10,465 ரூபாய் ஆகிறது.

அவன் ஒதுக்கிவிட்ட இரண்டாவது வீட்டையும் இதே கணக்கில் போடச் சொன்னேன். 1,180 சதுர அடி, 7,500 ரூபாய் ரேட், விலை 88 லட்சத்து 50 ஆயிரம். அதன் கார்ப்பெட் 885. அப்படியென்றால் சதுர அடிக்கு 10,000 ரூபாய்தான். சேலபிள் ரேட்டில் விலை கூடுதலாகத் தெரிந்த வீடுதான் உண்மையில் மலிவு, உள்ளே 25 சதுர அடி அதிகமும்கூட. ரேட்டை மட்டும் பார்த்து வீடுகளை ஒப்பிடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எண்ணாகச் சொன்னால் 860 என்பது மனதில் நிற்காது. அதனால் ஒரு வேலை கொடுத்தேன். மெயிலில் வந்த பிளானில் பெரிய படுக்கையறை 10 அடிக்கு 11 அடி. ஷார்ஜா வீட்டு ஹாலில் அந்த அளவுக்குத் தரையில் செல்லோ டேப் ஒட்டச் சொன்னேன். கட்டிலுக்கு ஆறரை அடிக்கு ஆறு அடி, பீரோவுக்கு இரண்டடி ஆழம், கதவு திறக்க மூன்றடி என்று உள்ளுக்குள் கோடு போட்டுப் பார்த்தார்கள். சித்தப்பாவின் வாக்கர் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே திரும்புமா என்பது அந்தத் தரையில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

சொந்தமாகும் சதுர அடி

மூன்றாவது எண்ணைத்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். யூ.டி.எஸ். என்று சென்னையில் எல்லோரும் சொல்வது, பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதப்படுவது. கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்களுக்கு உரிமையான பங்கு அது. இந்த மூலை உங்களுடையது என்று காட்ட முடியாது. ஆனால் நாளைக்குக் கட்டடமே இல்லாமல் போனாலும் உங்கள் கையில் மிஞ்சுவது அதுதான்.

கட்டடத்துக்கு வயதானால் மதிப்பு குறையும், மண்ணுக்கு அப்படியில்லை. தி.நகரிலும் அண்ணா நகரிலும் முப்பது, நாற்பது வருடப் பழைய ஃப்ளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, பேச்சு தொடங்குவதே 'உங்க யூ.டி.எஸ். எவ்வளவு' என்றுதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்ட வழி செய்கிறது. அன்றைக்குப் புதுக் கட்டடத்தில் உங்களுக்கு எவ்வளவு என்பதை இன்று பத்திரத்தில் ஏறும் அந்தச் சிறிய எண்தான் தீர்மானிக்கும்.

சரியான யூ.டி.எஸ். எவ்வளவு என்று பார்க்கக் கணக்கு எளிது. மொத்த நிலத்தை, எல்லா வீடுகளின் மொத்தச் சேலபிள் பரப்பால் வகுத்து, உங்கள் வீட்டின் பரப்பால் பெருக்க வேண்டும். தம்பி பார்த்த இடத்தில் நிலம் 10 கிரவுண்ட். கிரவுண்டுக்கு 2,400 என்று 24,000 சதுர அடி. வீடுகள் 40, எல்லாமே 1,250 சதுர அடி. ஆகவே தலைக்கு 600 சதுர அடி வர வேண்டும். சாலை விரிவாக்கத்துக்கு நிலத்தில் கொஞ்சம் தானமாக எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் கொடுக்கவில்லை.

ஆலோசகர் அனுப்பிய வரைவு ஒப்பந்தத்தின் பதினோராவது பக்கத்தில், சொத்து விவர அட்டவணையில், 480 என்று இருந்தது.

வீட்டுக்கு 120 சதுர அடி குறைகிறது. நாற்பது வீட்டுக்கும் சேர்த்து 4,800, அதாவது சரியாக இரண்டு கிரவுண்ட். இந்த நிலம் காணாமல் போகாது, யாராவது ஒருவர் பெயரில்தான் நிற்கும். நாற்பது பேருக்கும் எழுதிக் கொடுத்த பிறகும் அந்த இரண்டு கிரவுண்ட் பில்டர் பெயரிலேயே இருக்கும். நாளைக்கு இன்னொரு தளம் எழுப்பி, அதில் வரும் வீடுகளோடு அந்தப் பங்கை விற்கலாம். அப்போது லிஃப்டும் கிணறும் கார் நிறுத்துமிடமும் அதேதான், பங்காளிகள் மட்டும் கூடுவார்கள். அனுமதி பெற்ற பிளானையோ பொது இடங்களையோ மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று ரெரா சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் ஒரு வரியை ஒப்பந்தத்துக்குள் நுழைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 'வருங்காலக் கட்டுமானத்துக்கு ஆட்சேபணை இல்லை' என்கிற மாதிரி இருக்கும் அந்த வரி. தம்பிக்கு வந்த வரைவில் பதினேழாவது பிரிவில் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்கச் சென்னைக்கு வரத் தேவையில்லை. திட்டத்தின் ரெரா பதிவு எண்ணை வைத்து rera.tn.gov.in தளத்தில் தேடினால் நிலப்பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஏற்கெனவே சில வீடுகள் பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது. tnreginet.gov.in தளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு விற்பனையிலும் எத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் போயிருக்கிறது என்று தெரியும். பேப்பரில் வரிசையாக எழுதிக் கூட்டினால் போதும், பில்டர் எவ்வளவு நிறுத்தி வைக்கிறார் என்பது வெளிச்சமாகிவிடும்.

தொண்ணூறு லட்சம் எங்கே முடிகிறது?

மெயிலில் இருந்த 90 லட்சம், 1,250-ஐ 7,200-ஆல் பெருக்கிய தொகை மட்டுமே. தனியாக ஒரு விலைப் பட்டியல் கேட்டு வாங்கினோம். மூடிய கார் நிறுத்துமிடத்துக்கு 4 லட்சம், மின்இணைப்பு, குடிநீர், கழிவுநீர், பராமரிப்பு வைப்பு என்று 3 லட்சம். இதோடு 97 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்பதால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது 4 லட்சத்து 85 ஆயிரம். பணி நிறைவுச் சான்று வாங்கி முடித்த வீடாக இருந்தால் இந்த ஜி.எஸ்.டி. கிடையாது.

அடுத்தது பத்திரச் செலவு. புதிய ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 7 சதவீதம். 90 லட்சத்துக்கே கணக்கிட்டாலும் 6 லட்சத்து 30 ஆயிரம். ஆக 90 லட்சம் என்று தொடங்கியது 1 கோடியே 8 லட்சத்தில் வந்து நிற்கிறது. தம்பி கையில் வைத்திருந்த 20 லட்சத்தோடு வங்கிக் கடனாக 70 லட்சம் வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தான். இந்த 18 லட்சம் அவன் கணக்கிலேயே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால், உள்நாட்டில் இருக்கும் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. இது கூடுதல் செலவு கிடையாது, விலையிலிருந்தே பிடிப்பது. தெரியாமல் முழுப் பணத்தையும் பில்டருக்கே அனுப்பிவிட்டால், பிறகு வட்டியோடு நோட்டீஸ் நமக்குத்தான் வரும்.

அந்த ஒரு லட்சமும் ஒரு கையெழுத்தும்

'திங்கட்கிழமைக்குள் ஒரு லட்சம்' என்பதற்கு வருவோம். முன்பணம் கேட்பது தவறு அல்ல. ஆனால் ரெராவில் பதிவாகாத திட்டத்தை விளம்பரம் செய்யவோ, புக்கிங் வாங்கவோ சட்டத்தில் இடமில்லை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ பதிவு கட்டாயம். 'ப்ரீ-லாஞ்ச் விலை' என்று மெயிலில் வந்து பதிவு எண் இல்லையென்றால், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மெயில் அனுப்பும் ஆலோசகரும் ஏஜென்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும், அவருக்கும் தனி எண் உண்டு. விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது. தம்பி விஷயத்தில் அது 9 லட்சம். 'ரேட் ஏறிவிடும், 30 லட்சம் போட்டுவிடுங்கள்' என்று யார் சொன்னாலும் இந்த எல்லையைக் காட்டலாம்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதும் முக்கியம். என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ, அங்கிருந்து நேரடியாக வங்கி வழியாகவோ, பில்டரின் அந்தத் திட்டத்துக்கான கணக்குக்கே போக வேண்டும். ஆலோசகரின் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. வளைகுடாவில் பலரும் ஊருக்குப் பணம் அனுப்பப் பழகியிருக்கும் உண்டியல் வழி இதற்கு வேண்டவே வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பதோடு, பிற்காலத்தில் வீட்டை விற்றுப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக நினைக்கும்போது, அந்தப் பணம் முறையாக வந்ததற்கான காகிதம் கையில் இருக்காது. ஒவ்வொரு தவணைக்கும் வங்கி தரும் சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு வர முடியாதவர்கள் பவர் எழுதிக் கொடுப்பார்கள். மெயிலின் கடைசி வரியில் ஆலோசகர், 'பவரை எங்கள் அலுவலக ஊழியர் பெயரிலேயே கொடுத்துவிட்டால் உங்களுக்கு அலைச்சல் இல்லை' என்று எழுதியிருந்தார். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் பில்டர். விற்பவர் பக்கத்தில் நிற்கிறவரிடம் வாங்குபவரின் கையெழுத்தைக் கொடுக்கக்கூடாது. சித்தி பெயரில் எழுதச் சொன்னேன். அதிலும் பொதுப் பவர் வேண்டாம். இந்த ஒரு வீட்டுக்கு, இன்ன வேலைகளுக்கு மட்டும் என்று குறிப்பிட்ட பவர் போதும்: ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் ஆஜராக, சாவி வாங்க. விற்கவோ அடமானம் வைக்கவோ அதில் அதிகாரம் இருக்கக்கூடாது. எமிரேட்ஸில் இருப்பவர்கள் இந்தியத் தூதரக அலுவலகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்தக் கெடு தாண்டிப் போய்ப் பதிவு நாளன்று திரும்பி வந்த பவர்கள் என் மேசையிலேயே இருக்கின்றன.

போன பதில்

தம்பி ஆலோசகருக்கு எழுதிய பதில் மெயில் ஐந்து வரிதான். திட்டத்தின் ரெரா எண்ணும் உங்கள் ஏஜென்ட் எண்ணும் தேவை. கார்ப்பெட் ஏரியாவை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எங்கள் கணக்கில் யூ.டி.எஸ். 600 வருகிறது, வரைவில் 480 ஏன்? மீதி நிலம் யார் பெயரில் நிற்கும்? பதினேழாவது பிரிவை நீக்க முடியுமா?

முதல் இரண்டுக்கும் அன்றைக்கே பதில் வந்தது. மற்ற மூன்றுக்கும் பத்து நாள் ஆனது. ஆலோசகர் பில்டரிடம் கேட்டு, மறைக்காமல் எழுதினார்: பில்டர் பின்னாளில் ஒரு தளம் கட்ட நினைக்கிறார், யூ.டி.எஸ்.ஸைக் கூட்ட மாட்டார், பிரிவையும் எடுக்க மாட்டார். கேட்டதால் கிடைத்த உண்மை அது. திங்கட்கிழமை ஒரு லட்சம் போட்டிருந்தால், இதே பதிலைச் சாவி வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டிருப்பான்.

இப்போது அந்த இரண்டாவது வீட்டின் பத்திரங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே 32 வீடுகளின் பிரிபடாத பாகத்தையும் கூட்டினால் நிலத்தின் அளவு அப்படியே வருகிறது. தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்தைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அது தீரும் வரை பணம் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். சித்தி மட்டும் ஒருநாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போய் வந்தார். "ரூம் சொன்ன அளவு இருக்குடி. கட்டில் போட்டாலும் உங்க சித்தப்பா வாக்கரோட திரும்பலாம்" என்றார்.